கண்புரை லென்ஸ்: கூடுதல் பணம் எதை வாங்கித் தருகிறது?

கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன், பெரும்பாலான தனியார் கண் மருத்துவமனைகளில் நோயாளியையும் வீட்டாரையும் ஒரு மேசைக்கு அனுப்புவார்கள். அங்கே கவுன்சலர் ஒரு விலைப் பட்டியலை நீட்டுவார். ஒரு கண்ணுக்கு ரூ.20,000 சொச்சத்தில் தொடங்கும் அந்தப் பட்டியல், ஐந்தாறு வரிகளில் ஒரு லட்சத்தைத் தொட்டுவிடும். டாக்டர் அவரேதான், தியேட்டரும் அதேதான், படுத்திருக்கப்போகும் நேரமும் அதே கால் மணிதான். வரிக்கு வரி மாறுவது கண்ணுக்குள் வைக்கப்படும் லென்ஸ்.

பட்டியலைப் பார்க்கும் எவருக்கும் இயல்பாக எழும் எண்ணம், விலை கூடக் கூடப் பார்வையும் கூடும் என்பதே. அப்பாவின் கண் விஷயத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகள் கடைசி வரியைத் தேர்ந்தெடுப்பதும் அதனால்தான். ஆனால் நோயற்ற ஒரு கண்ணில், பட்டியலின் முதல் வரி லென்ஸ் தரும் தூரப்பார்வையும் கடைசி வரி லென்ஸ் தரும் தூரப்பார்வையும் ஏறக்குறைய ஒன்றே. கூடுதல் பணம் வாங்கித் தருவது வேறு ஒன்றை. எந்தத் தொலைவில், எந்த வேலைக்குக் கண்ணாடி போடாமல் இருக்கலாம் என்பதுதான் அது. இதைப் பிடித்துக்கொண்டால் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் தனித்தனியே எடைபோட முடியும்.

ஏன் இத்தனை வகை?

கண்ணின் பாவைக்குப் பின்னால் இயற்கையாக ஒரு லென்ஸ் இருக்கிறது. இளம் வயதில் அது நெகிழும். தூரத்துப் பேருந்தின் பலகையைப் படித்த கண் அடுத்த நொடியே கையில் உள்ள டிக்கெட்டைப் படிக்கும். லென்ஸ் தன் வளைவை மாற்றிக்கொள்வதால் இது நடக்கிறது. நாற்பது வயதைத் தாண்டும்போது நெகிழ்வு குறைகிறது; வெள்ளெழுத்து வருகிறது. இன்னும் வயதானபின் லென்ஸ் கலங்கி ஒளியை மறைக்கிறது. அதுவே கண்புரை.

அறுவைச் சிகிச்சையில் கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய உறையைக் கண்ணுக்குள்ளேயே விட்டுவைக்கிறார்கள். அந்த உறைக்குள் செயற்கை லென்ஸ் உட்காருகிறது. நடுவில் சுமார் 6 மி.மீ. அகலமுள்ள ஒளிவட்டு, இருபுறமும் அதைத் தாங்கும் இரு சிறு கைகள். முனையிலிருந்து முனைவரை சுமார் 13 மி.மீ. இந்த லென்ஸ் நெகிழாது. எந்தத் தொலைவுக்கு அதன் பவர் கணக்கிடப்பட்டதோ அந்தத் தொலைவு மட்டும் தெளிவாகத் தெரியும், மற்றதற்குக் கண்ணாடி வேண்டும். நெகிழாத இந்தக் குறையை எப்படி ஈடுகட்டுவது என்ற கேள்விக்குக் கிடைத்த வெவ்வேறு பதில்களே பட்டியலின் மேல்விலை வரிகள்.

செயற்கை லென்ஸை முதன்முதலில் கண்ணுக்குள் வைத்தவர் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையின் ஹெரால்டு ரிட்லி. ஆண்டு 1949. போரில் அடிபட்ட விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூரையின் பிளாஸ்டிக் துண்டுகள் தங்கியும் கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்காததை அவர் கவனித்திருந்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்யவைத்தார். லென்ஸ் கண்ணில் நின்றது. பவர் கணக்குதான் வெகுவாகத் தப்பிவிட்டது. முதல் நோயாளிக்கு மைனஸ் 18 அளவு கிட்டப்பார்வை வந்தது. விலையைவிட அளவெடுப்பு முக்கியம் என்பதற்கு இந்தத் துறையின் முதல் நாளே சான்று.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் பெரிய பங்குண்டு. 1980களில் இங்கே கண்புரை எடுத்துக்கொண்ட ஏழைகளில் பெரும்பாலோர் லென்ஸ் இல்லாமலே வீடு திரும்பினார்கள். சோடாபுட்டிக் கண்ணாடிதான் அவர்களுக்குப் பார்வை. அப்போது வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை 100 டாலரை ஒட்டி இருந்தது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்புக் கூடத்தை அதே ஊரில் அமைத்தது. அங்கே செய்த லென்ஸ் சுமார் 10 டாலருக்குக் கிடைக்கத் தொடங்கியது. பிறகு இன்னும் இறங்கியது. பட்டியலின் அடித்தள விலை ஏழைக்கும் எட்டும் அளவில் இன்று இருப்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

முதல் இரண்டு வரிகள்: சாதா லென்ஸ், மடக்கும் லென்ஸ்

மிகக் குறைந்த விலையில் இருப்பது மடக்க முடியாத கெட்டி லென்ஸ். அதை உள்ளே செலுத்த 6 மி.மீ. அளவு திறப்பு வேண்டும். இலவச முகாம்களில் அதிகம் செய்யப்படும் தையலில்லாச் சிறுதிறப்பு முறையில் இது வைக்கப்படுகிறது. இரண்டாவது, சுருட்டி ஊசிக்குழல் போன்ற ஒன்றின் வழியே செலுத்தப்படும் ஃபோல்டபிள் லென்ஸ். மீயொலியால் புரையை உடைத்து உறிஞ்சும் பாகோ முறையில், 3 மி.மீ.க்கும் குறைவான திறப்பு வழியே இது உள்ளே போய் விரிகிறது.

சிறிய திறப்பால் கிடைக்கும் நன்மை உண்மையானது. காயம் சீக்கிரம் ஆறுகிறது. கருவிழியின் வளைவு குறைவாகவே பாதிக்கப்படுவதால் புதிய சிலிண்டர் பவர் தலையெடுப்பதும் குறைகிறது. ஆனால் கெட்டி லென்ஸ் என்றால் மட்டமான பார்வை என்று நினைத்துவிட வேண்டாம். நேபாளத்தில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஒப்பாய்வில், ஆறு மாதம் கழித்து இரண்டு முறைகளிலும் கண்ணாடியுடன் கிடைத்த பார்வை கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. முற்றி இறுகிப்போன புரைக்குச் சிறுதிறப்பு முறையே பாதுகாப்பானது என்று தேர்ந்தெடுக்கும் டாக்டர்களும் உண்டு.

மடக்கும் லென்ஸுக்குள்ளேயே இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று நீரை ஏற்கும் அக்ரிலிக், மற்றது நீரை ஏற்காத அக்ரிலிக். பட்டியலில் ஹைட்ரோபிலிக், ஹைட்ரோபோபிக் என்று எழுதியிருக்கும். இரண்டாவதற்கு விலை அதிகம். வெளிநாட்டுத் தயாரிப்பு என்றால் இன்னும் அதிகம். இந்த வித்தியாசம் எதற்காக? லென்ஸ் உட்கார்ந்திருக்கும் உறையின் பின்பக்கம் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ மறுபடி மங்கலாம். 'புரை திரும்ப வந்துவிட்டது' என்று ஊரில் சொல்வது இதைத்தான். நீரை ஏற்காத வகையில், அதிலும் விளிம்பு கூர்மையாக வெட்டப்பட்ட லென்ஸில், இப்படி மங்குவது குறைவாக நேர்கிறது. மங்கினாலும் பயப்பட ஒன்றுமில்லை. யாக் லேசர் கொண்டு சில நிமிடங்களில் உறையில் ஒரு சாளரம் திறந்துவிடுவார்கள்; செலவு சில ஆயிரம் ரூபாய். ஆக, இங்கே கொடுக்கும் கூடுதல் தொகை ஒரு லேசர் அமர்வு தேவைப்படும் வாய்ப்பைக் குறைப்பதற்காக. தொகை ரூ.10,000 என்றால் அது நியாயமா என்பதை அந்த அளவுகோலால் பார்க்கலாம்.

இதே கட்டத்தில் 'நீல ஒளியை வடிகட்டும் மஞ்சள் லென்ஸ், விழித்திரைக்குப் பாதுகாப்பு' என்ற வாசகமும் வரும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2018இல் இதைப் பரிசீலித்தது. விழித்திரையின் மையப்பகுதியை அந்த லென்ஸ் காக்கிறது என்று சொல்லத் தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை. மஞ்சள் லென்ஸால் கெடுதல் ஏதுமில்லை. அதற்காக மட்டும் பெரும் தொகை கொடுக்கவும் காரணமில்லை.

டோரிக்: அளந்து பார்த்து வாங்க வேண்டிய லென்ஸ்

கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளைந்திருந்தால் சிலிண்டர் பவர் இருக்காது. ஒரு திசையில் அதிக வளைவும் அதற்குக் குறுக்கே குறைந்த வளைவும் இருந்தால் உருவம் இழுபட்டுத் தெரியும். கண்புரையை எடுத்து எவ்வளவு நல்ல சாதா லென்ஸ் வைத்தாலும் இந்த இழுபறி அப்படியே இருக்கும், ஏனென்றால் குறை இருக்கும் இடம் கருவிழி. தூரத்துக்கும் சிலிண்டர் கண்ணாடி போட்டாக வேண்டும். இந்தக் குறையை ஈடுகட்டும் எதிர்வளைவைத் தன்னுள்ளேயே கொண்டது டோரிக் லென்ஸ்.

மேல்விலை லென்ஸ்களில் தேவையா இல்லையா என்பதை ஓர் எண்ணே தீர்மானிக்கக்கூடிய வகை இதுதான். அந்த எண் நோயாளியின் பரிசோதனைத் தாளிலேயே இருக்கிறது. கருவிழியின் சிலிண்டர் அளவு முக்கால் டயாப்டருக்குக் கீழே என்றால் பொதுவாக டோரிக் தேவைப்படாது. ஒன்றிலிருந்து ஒன்றரையைத் தாண்டினால் பலன் தெளிவாகத் தெரியும். இடைப்பட்ட அளவில், திறப்பை எந்தத் திசையில் வைப்பது என்பதைக் கொண்டே சில டாக்டர்கள் கொஞ்சம் சரிசெய்துவிடுவார்கள். பழைய கண்ணாடிச் சீட்டில் உள்ள சிலிண்டரை இதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் கலங்கிய லென்ஸின் பங்கும் கலந்திருக்கும். லென்ஸை எடுத்த பின் அந்தப் பங்கு போய்விடும். மிஞ்சுவது கருவிழியின் சிலிண்டர் மட்டுமே.

டோரிக்கின் பலவீனம் அது சுழலக்கூடும் என்பதே. லென்ஸில் உள்ள குறிகளைக் கருவிழியின் சரியான அச்சில் பொருத்துகிறார்கள். ஒரு பாகை விலகினால் திருத்தத்தில் சுமார் 3.3 சதவீதம் போய்விடும். 10 பாகை விலகினால் மூன்றில் ஒரு பங்கு. 30 பாகை விலகினால் டோரிக் வைத்த பயனே இல்லை. சுழன்றால் பெரும்பாலும் முதல் நாளிலேயே சுழன்றுவிடும். மறுநாள் பரிசோதனையில் வெளிச்சம் நன்றாகத் தெரிந்தும் எழுத்து இழுபட்டு, நிழல் விழுந்தது போல் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். பாவையை விரித்துப் பார்த்தால் லென்ஸின் குறிகள் எந்த அச்சில் நிற்கின்றன என்று தெரிந்துவிடும். சில நாட்களுக்குள் என்றால் திருப்பி வைப்பது எளிது. உறை லென்ஸைச் சுற்றி இறுகியபின் கடினம். அதனால் பணம் கட்டும் முன்பே, திருப்பி வைக்க நேர்ந்தால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பல தொலைவு லென்ஸ்: ஒளியைப் பங்கிடும் கணக்கு

பட்டியலின் உச்சியில் இருப்பவை மல்டிஃபோகல், டிரைஃபோகல் என்ற பெயர்களில் வருபவை. தூரம், கணினித் திரை, புத்தகம் மூன்றுக்கும் கண்ணாடி வேண்டாம் என்பது இவற்றின் வாக்குறுதி. அது பெருமளவு நிறைவேறவும் செய்கிறது. 2016இல் வெளியான காக்ரேன் தொகுப்பில், பல தொலைவு லென்ஸ் வைத்தவர்களுக்குக் கிட்டப் படிப்பது எளிதாக இருந்தது. கண்ணாடியைச் சார்ந்திருப்பது குறைந்தது. தூரப்பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை. விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தெரிவதும் கூச்சமும் அவர்களுக்கு அதிகம்.

இரண்டு விளைவுகளுக்கும் காரணம் ஒன்றே. லென்ஸின் மேல் மிக நுண்ணிய வளையப் படிகள் செதுக்கப்பட்டிருக்கும். அவை உள்ளே வரும் ஒளியைப் பிரித்து, ஏறக்குறையப் பாதியைத் தூரத்துக்கும் மீதியை இடைத்தொலைவுக்கும் கிட்டத்துக்கும் அனுப்புகின்றன. ஒரு சொம்புப் பாலை மூன்று டம்ளரில் ஊற்றினால் எந்த டம்ளரும் நிறையாததைப் போல, எந்தத் தொலைவுக்கும் முழு ஒளி கிடைப்பதில்லை. நல்ல வெளிச்சத்தில் இது தெரியாது. மங்கலான மாலையில் சாம்பல் நிறச் சாலையில் நடந்துவரும் கருப்பு உடைக்காரரைப் பிரித்தறிவதில் தெரியும். ஒரு தொலைவைப் பார்க்கும்போது மற்றத் தொலைவுகளுக்கான ஒளி கலங்கலாக மேலே படிவதால்தான் எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றி வளையங்கள் தோன்றுகின்றன. மூளை சில மாதங்களில் இதற்குப் பழகிக்கொள்கிறது. சிலருக்கு மட்டும் பழகுவதே இல்லை.

ஆகவே இந்த லென்ஸ் எந்தக் கண்ணுக்குப் பொருந்தாது என்பதைத் தெரிந்துகொள்வது விலையைத் தெரிந்துகொள்வதைவிட முக்கியம். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், விழித்திரை மையத்தில் சிதைவு உள்ளவர்கள், கண் நீர் அழுத்த நோய் முற்றியவர்கள் ஆகியோரின் கண் ஏற்கெனவே ஒளியின் நுட்ப வேறுபாடுகளை இழந்துகொண்டிருக்கும். இருப்பதையும் பங்கிடும் லென்ஸ் அவர்களுக்கு ஆகாது. இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கும் பெரும்பாலான டாக்டர்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. அதனால், டிரைஃபோகல் பேச்சு எடுக்கும் மருத்துவமனை விழித்திரையை ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததா என்று கேட்பது நோயாளியின் உரிமை. கண் வறட்சியும் பார்க்கப்பட வேண்டும்; வறண்ட கருவிழியில் எடுத்த அளவு தப்பும், சிறு பவர் பிழையையும் இந்த வகை லென்ஸ் பொறுக்காது.

வைத்தபின் ஒத்துவராவிட்டால் லென்ஸை எடுத்துவிட்டுச் சாதா லென்ஸ் வைக்க முடியும். ஆனால் முன்பு சொன்ன யாக் லேசரை அதற்குள் செய்திருந்தால் உறையின் பின்சுவர் திறந்துபோயிருக்கும். மாற்றும் வேலை அபாயமானதாகிவிடும். டிரைஃபோகல் வைத்தபின் பார்வை திருப்தியில்லை என்பவர், லேசருக்கு ஒப்புக்கொள்ளும் முன் மங்கலுக்குக் காரணம் உறைதானா, லென்ஸா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாதா லென்ஸுக்கும் டிரைஃபோகலுக்கும் நடுவே இரண்டு படிகள் உள்ளன. குவிதூரத்தைச் சற்றே நீட்டிய மேம்பட்ட ஒற்றைக்குவிய லென்ஸ் ஒன்று. இன்னும் அதிகம் நீட்டிய இடாஃப் எனப்படும் வகை மற்றொன்று. முதல் வகையில் தூரமும், கைநீட்டும் தொலைவில் உள்ள அடுப்பும் திரையும் ஓரளவு தெரியும். இரண்டாம் வகையில் அது இன்னும் நன்றாகத் தெரியும். மாத்திரை அட்டையின் பொடி எழுத்துக்கு இரண்டிலும் கண்ணாடி எடுத்தாக வேண்டியிருக்கும். ஒளிவளையத் தொல்லை பொதுவாக டிரைஃபோகலைவிடக் குறைவு.

பணமில்லாமல் கிடைக்கும் தேர்வு

விலைப் பட்டியலில் இடம்பெறாத ஒரு தேர்வும் உண்டு. சாதா லென்ஸின் பவரை எந்தத் தொலைவுக்குக் கணக்கிடுவது என்பது அது. வழக்கமாகத் தூரத்துக்குக் கணக்கிடுகிறார்கள். ஆயுள் முழுக்க மைனஸ் கண்ணாடி போட்டு, படிக்கும்போது மட்டும் அதைக் கழற்றிவைத்துப் பழகியவர் ஒருவர் இருப்பார். அவருக்குத் தூரத்தைச் சரிசெய்துவிட்டால் வெறும் கண்ணால் படிக்கும் பழக்கம் போய்விடும். அப்படிப்பட்டவர் படிக்கும் தொலைவுக்கே லென்ஸ் வைக்கச் சொல்லலாம். அல்லது ஒரு கண்ணைத் தூரத்துக்கும், மற்றதை ஒன்று, ஒன்றேகால் டயாப்டர் கிட்டத்துக்கும் வைத்து இரு கண்ணும் வேலையைப் பகிரும்படி செய்யலாம். இதற்கு லென்ஸ் செலவு ஒரு ரூபாய்கூடக் கூடாது. ஆழத்தைக் கணிப்பதில் சிலருக்குச் சிறு குறை தோன்றும் என்பதால், புரை அனுமதித்தால் முன்கூட்டியே கான்டாக்ட் லென்ஸ் போட்டுச் சோதித்துப் பார்ப்பதுண்டு.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டுக்காக 64 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை நினைத்துக்கொள்வோம். இரு கண்ணிலும் புரை. சர்க்கரை உண்டு, விழித்திரை ஸ்கேனில் கோளாறு இல்லை. கருவிழியின் சிலிண்டர் வலக்கண்ணில் 0.5, இடக்கண்ணில் 1.9. காலையில் செய்தித்தாள், மாலையில் தொலைக்காட்சி, நடுவே சமையல். இரவில் வண்டி ஓட்டுவதில்லை. கையில் 3 லட்ச ரூபாய்க்கான ஆரோக்கிய சஞ்சீவனி காப்பீடு.

மருத்துவமனை தரும் ஒரு கண்ணுக்கான விலைகளை இப்படி வைத்துக்கொள்வோம்: உள்நாட்டு மடக்கும் லென்ஸ் ரூ.25,000, வெளிநாட்டு நீரேற்காத லென்ஸ் ரூ.38,000, அதிலேயே டோரிக் ரூ.55,000, டிரைஃபோகல் ரூ.95,000, டோரிக் டிரைஃபோகல் ரூ.1,10,000. ஊருக்கு ஊர், மருத்துவமனைக்கு மருத்துவமனை இவை மாறும். கணக்குப் போடும் விதம் மாறாது.

முதலில் காப்பீடு. இந்தக் காப்பீட்டில் கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு, காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது ரூ.40,000, இவற்றில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு. 3 லட்சத்தில் 25 சதவீதம் ரூ.75,000, ஆகவே ரூ.40,000தான். அதில் 5 சதவீதம் நோயாளியின் பங்கு. பாலிசி எடுத்து இரண்டு ஆண்டு ஆகியிருக்கவும் வேண்டும்.

வலக்கண்ணில் சிலிண்டர் அரை டயாப்டர்தான், டோரிக் தேவையில்லை. ரூ.38,000 லென்ஸுக்குக் காப்பீடு ரூ.36,100 தரும், அவர் கையிலிருந்து ரூ.1,900. இடக்கண்ணில் 1.9 இருப்பதால் டோரிக் பலன் தரும். ரூ.55,000இல் காப்பீடு உச்சமாக ரூ.38,000 தரும், கையிலிருந்து ரூ.17,000. இரு கண்ணுக்கும் சேர்த்து அவர் செலவு ரூ.18,900. தூரத்துக்குக் கண்ணாடி வேண்டாம், படிக்க வேண்டும்.

இரு கண்ணிலும் டிரைஃபோகல் வகை என்றால் மொத்தம் ரூ.2,05,000. காப்பீட்டின் உச்சம் ரூ.76,000. கையிலிருந்து ரூ.1,29,000. இரண்டு தேர்வுக்கும் இடையில் ரூ.1,10,100 வித்தியாசம். அது வாங்கித் தருவது படிக்கும் கண்ணாடியிலிருந்து பெருமளவு விடுதலை. ரூ.1,500 கண்ணாடியை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினாலும் இருபது ஆண்டில் ரூ.15,000தான் ஆகும். கண்ணாடி இல்லாத வசதிக்கு மீதிப் பணம் தகுமா என்பதை ஆசிரியையே முடிவுசெய்ய வேண்டும். சிலருக்கு நிச்சயம் தகும். அவருக்குச் சர்க்கரை இருப்பதால், இன்று கோளாறில்லாத விழித்திரை பத்து ஆண்டு கழித்தும் அப்படியே இருக்குமா என்பதையும் டாக்டரிடம் பேசிவிட்டே முடிவுக்கு வர வேண்டும்.

டோரிக், டிரைஃபோகல் செலவில் காப்பீட்டு நிறுவனங்கள் கைவைக்கும் இடம் ஒன்றுண்டு. 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைப் பிழையைத் திருத்தும் செலவை இந்தியக் காப்பீடுகள் பொதுவாக விலக்கிவைத்துள்ளன. அதைச் சுட்டிக்காட்டிச் சாதா லென்ஸ் விலையை மட்டும் ஏற்பதுண்டு. அப்படி நேர்ந்தால் ஆசிரியையின் இடக்கண்ணுக்கு ரூ.36,100 மட்டுமே கிடைக்கும். கைச்செலவு இன்னும் ரூ.1,900 கூடும். முன்அனுமதிக் கடிதத்தில் லென்ஸின் வகையைக் குறிப்பிட்டு ஒப்புதல் வாங்கிவிட்டால் டிஸ்சார்ஜ் நேரத்துச் சண்டை தவிரும்.

மற்ற நாடுகளிலும் கோடு இதே இடத்தில்தான் கிழிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் மெடிகேர் கண்புரை எடுப்பதற்கும் சாதா லென்ஸுக்கும் தன் பங்கைக் கொடுக்கிறது. வெள்ளெழுத்தைத் திருத்தும் லென்ஸுக்கு 2005இலும் டோரிக்குக்கு 2007இலும் வந்த ஆணைகளின்படி, கூடுதல் தொகையை நோயாளியே கட்டி அவற்றை வைத்துக்கொள்ளலாம். புரை நோய், கண்ணாடி போடுவது நோயல்ல என்பதே இரு நாட்டுக் கணக்குக்கும் அடிப்படை.

பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது?

மருத்துவமனை சொல்லும் தொகை லென்ஸின் விலை மட்டுமல்ல. டாக்டர் கட்டணம், தியேட்டர், மருந்து, ஊசிக்குழல் எல்லாம் அதில் அடங்கும். லென்ஸ் மாறும்போது இவை பெரிதாக மாறுவதில்லை. எனவே இரண்டு பேக்கேஜுகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தையும், அந்த இரண்டு லென்ஸ்களின் பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலாவது மிகப் பெரிதாக இருந்தால் காரணம் கேட்கலாம். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இந்தியாவில் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் கண்காணிப்பில் உள்ள பொருள்; அச்சிட்ட விலையை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது.

'லேசர் கண்புரை சிகிச்சை' என்று தனியாக ஒரு தொகை சேர்க்கப்பட்டிருந்தால் அது லென்ஸோடு சம்பந்தமில்லாதது. திறப்பையும் புரை பிளப்பதையும் ஃபெம்டோ லேசர் செய்யும். மற்ற வேலை வழக்கம்போலத்தான். பிரான்சில் பல மருத்துவமனைகளில் நடந்து 2020இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், இந்த லேசர் வழக்கமான பாகோவைவிட மேலான பலனைத் தரவில்லை; செலவு மட்டும் கூடியது. லென்ஸுக்கென்று கூடுதல் பணம் ஒதுக்கியவர்கள் அதில் ஒரு பகுதி இங்கே போய்விடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளவெடுப்பைக் கெடுக்கும் இரண்டு விஷயங்களை நோயாளிதான் வாய்திறந்து சொல்ல வேண்டும். ஒன்று, இளமையில் கண்ணாடியை ஒழிக்க லாசிக் செய்துகொண்டது. அது கருவிழியின் வளைவை மாற்றியிருப்பதால் வழக்கமான சூத்திரம் தவறான பவரைக் கொடுக்கும். தனிச் சூத்திரம் வேண்டும். இன்னொன்று, கான்டாக்ட் லென்ஸ் போடும் பழக்கம். அளவெடுக்கும் முன் டாக்டர் சொல்லும் காலத்துக்கு அதைக் கழற்றிவைக்க வேண்டும்.

இரு கண்ணுக்கும் ஒரே நேரத்தில் லென்ஸ் வகையை முடிவுசெய்ய வேண்டிய கட்டாயமில்லை. முதல் கண்ணில் வைத்துச் சில வாரம் கழித்து, எதிர்பார்த்த பவர் வந்ததா, இரவு விளக்குகள் தொல்லை தருகின்றனவா என்று பார்த்துவிட்டு இரண்டாவதைத் தீர்மானிக்கலாம். முதல் கண்ணில் அரை டயாப்டர் பிசகியிருந்தால் இரண்டாவதன் கணக்கில் டாக்டர் அதைச் சேர்த்துக்கொள்வார். ஒவ்வொரு லென்ஸ் பெட்டியிலும் மாடல், பவர், வரிசை எண், காலாவதித் தேதி அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்று டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டப்பட்டிருக்கிறதா, பணம் கட்டிய மாடலின் பெயர்தான் அதில் இருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் சரிபார்த்து, அந்தத் தாளைப் பத்திரப்படுத்த வேண்டும். பத்து ஆண்டு கழித்து வேறொரு டாக்டர் அந்தக் கண்ணைத் தொட நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.